இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு முன்னால் ஒரு புள்ளி: பாதை வேறுபாடும் கட்ட வேறுபாடும்

கேள்வி: ஒரே சைகையால் ஒரே கட்டத்தில் இயங்கும் இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு முன்னால் ஏதாவது ஒரு புள்ளியைக் கொடுத்தால், அங்கே பாதை வேறுபாடும் கட்ட வேறுபாடும் எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவது? ஒளிக்குப் படித்த λL/d சூத்திரத்தைப் போட்டால் நான் அளந்த இடங்களோடு ஒத்துவரவில்லை. ஒலி முழுவதும் அடங்க வேண்டிய இடத்திலும் எனக்கு ஒலி கேட்கிறது. ஏன்?

ஒவ்வொரு ஒலிபெருக்கியிலிருந்தும் அந்தப் புள்ளிக்கு உள்ள தூரத்தைத் தனித்தனியே பித்தாகரஸ் தேற்றத்தால் கணக்கிட்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் கிடைப்பது பாதை வேறுபாடு. அதை அலைநீளத்தால் வகுத்து 360 பாகையால் பெருக்கினால் கட்ட வேறுபாடு கிடைத்துவிடும். இந்த வழியில் தோராயம் எதுவும் இல்லை, எந்தப் புள்ளிக்கும் இது பொருந்தும். ஒலி மிகும் இடங்களுக்கு இடையே உள்ள தூரத்தைத் தரும் λL/d என்பதோ, புள்ளி மிகத் தொலைவில் இருக்க வேண்டும், மையக்கோட்டிலிருந்து அதிகம் விலகாமலும் இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளின் கீழ் மட்டும் பெறப்பட்ட சுருக்கம். ஒளிச் சோதனையில் துளைகளின் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, திரை ஒரு மீட்டருக்கு அப்பால் இருக்கும், ஆகவே அங்கே இரண்டு நிபந்தனைகளும் தாமாகவே நிறைவேறுகின்றன. ஒலிபெருக்கிகளை ஓர் அறையில் வைத்துச் செய்யும் சோதனையில் இரண்டுமே நிறைவேறுவதில்லை. ஒலி முழுவதும் அடங்காததற்கு முதற்காரணம், எதிரெதிர்க் கட்டத்தில் வந்து சேரும் இரண்டு அலைகளின் வீச்சுகள் சமமாக இல்லாமையே. இவ்விரண்டையும் எண்களோடு விளக்குகிறேன்.

முதலில், தூரத்தின் வேறுபாடு எப்படிக் கட்டத்தின் வேறுபாடாகிறது என்பதைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஒலிபெருக்கிகளின் கூம்புகளும் ஒரே கணத்தில் முன்னே வருகின்றன, ஒரே கணத்தில் பின்னே போகின்றன. ஆகவே அவை அனுப்பும் அலைகள் புறப்படும்போது ஒரே கட்டத்தில் இருக்கின்றன. தொலைவில் உள்ள ஒலிபெருக்கியின் அலை புள்ளியை அடைய அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. அதனால் புள்ளியில் நிற்பவருக்கு ஒரு குறிப்பிட்ட கணத்தில் அருகிலுள்ள ஒலிபெருக்கியிலிருந்து கிடைப்பது சற்று முன் புறப்பட்ட அலைப்பகுதி, தொலைவிலுள்ளதிலிருந்து கிடைப்பது அதைவிடப் பழைய அலைப்பகுதி. இந்தத் தாமதம் பாதை வேறுபாட்டை ஒலியின் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும். தாமதம் ஒரு முழு அலைவு நேரத்துக்குச் சமமானால், பழைய பகுதியும் புதிய பகுதியும் ஒன்றுபோலவே இருக்கும், ஏனெனில் சைகை ஒவ்வொரு அலைவு நேரத்துக்கும் தன்னையே திரும்பச் சொல்கிறது. தாமதம் அரை அலைவு நேரமானால், ஒன்று அழுத்தத்தை உயர்த்தும் கணத்தில் மற்றது தாழ்த்தும். ஓர் அலைவு நேரத்தில் ஒலி கடக்கும் தூரமே அலைநீளம் என்பதால், ‘தாமதம் அலைவு நேரத்தில் எத்தனை பங்கு’ என்பதும் ‘பாதை வேறுபாடு அலைநீளத்தில் எத்தனை பங்கு’ என்பதும் ஒரே எண். அந்தப் பங்கை 360 பாகையால் பெருக்குவதுதான் கட்ட வேறுபாடு:

φ = 360° × Δ / λ

இங்கே Δ பாதை வேறுபாடு, λ அலைநீளம். Δ முழுக்க முழுக்க வடிவியல் சார்ந்தது. அளவு நாடாவை வைத்து அளந்துவிடலாம், ஒலி ஒலிக்காதபோதும் அது இருக்கிறது. φ அப்படியல்ல. எந்த அதிர்வெண் என்று சொல்லாமல் அதற்குப் பொருளே இல்லை. பல மாணவர்களின் குழப்பம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று நான் கருதுகிறேன், ஆகவே இந்த வேறுபாட்டை இறுதிவரை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இப்போது ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் இடையே 2.0 மீட்டர். அவற்றுக்கு இணையாக 3.0 மீட்டர் முன்னால் தரையில் ஒரு நேர்கோடு. காற்றின் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ், அதில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். சைகையின் அதிர்வெண் 686 ஹெர்ட்ஸ். கணக்கு தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த எண்ணைத் தேர்ந்தேன், ஏனெனில் அலைநீளம் சரியாக 0.50 மீட்டர் ஆகிவிடுகிறது. இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் நடுவிலிருந்து கோட்டுக்குச் செங்குத்தாக வரும் மையக்கோட்டிலிருந்து, கோட்டின் வழியே வலப்புறம் அளக்கும் தூரத்தை x என்போம். அப்படியானால் இடது ஒலிபெருக்கியின் தூரமும் வலது ஒலிபெருக்கியின் தூரமும் முறையே

r₁ = √(3.0² + (x + 1.0)²)
r₂ = √(3.0² + (x − 1.0)²)

x = 0.60 மீட்டரில் நிற்பவரைக் கவனிப்போம். r₁ என்பது √(9 + 2.56), அதாவது 3.400 மீட்டர். r₂ என்பது √(9 + 0.16), அதாவது 3.027 மீட்டர். வேறுபாடு 0.373 மீட்டர். 0.50 மீட்டரால் வகுத்தால் 0.747 அலைநீளம், பாகையில் 269. இதைப் பெறும்போது தூரங்களை மூன்று தசம இடங்களாவது வைத்திருக்க வேண்டும். 3.4, 3.0 என்று முன்கூட்டியே உருட்டிவிட்டால் பாதை வேறுபாடு 0.4 மீட்டர், கட்ட வேறுபாடு 288 பாகை என்று வரும். இரண்டு பெரிய எண்களின் சிறிய வேறுபாட்டைத் தேடும் எந்தக் கணக்கிலும் இந்த ஆபத்து உண்டு.

இந்த 269 பாகையை எப்படிப் புரிந்துகொள்வது? இடது அலை வலது அலையைவிட 269 பாகை பின்தங்கி வருகிறது. அதையே 91 பாகை முந்தி வருகிறது என்றும் சொல்லலாம், ஏனெனில் தொடர்ந்து ஒலிக்கும் ஒரே அதிர்வெண் ஒலிக்கு இரண்டும் ஒன்றே. நேரத்தில் பார்த்தால் இடது அலை உண்மையில் 1.09 மில்லிநொடி தாமதமாகத்தான் வருகிறது. அலைவு நேரம் 1.46 மில்லிநொடி என்பதால், ஒரு சுற்றை நிறைவு செய்ய இன்னும் கால் சுற்றே பாக்கி. ஆகவே அது கால் சுற்று முந்தியதுபோலத் தோன்றுகிறது. தொடர் ஒலியைக் கேட்டு இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. குறுகிய ‘டிக்’ ஒலியை அனுப்பினால் பிரித்தறியலாம், ஒலிவாங்கியில் பதிவு செய்து பார்த்தால் இரண்டு டிக்குகள் 1.09 மில்லிநொடி இடைவெளியில் தெரியும். முழுச் சுற்றுகளை விட்டுவிடும் பழக்கம் கட்டத்துக்கு மட்டுமே உரியது, பாதை வேறுபாட்டுக்கு அப்படி எதையும் விட்டுவிடக் கூடாது.

அந்தப் புள்ளியில் ஒலி எப்படி இருக்கும் என்பதையும் உடனே சொல்லிவிடலாம். இரண்டு அலைகளின் வீச்சும் ஏறத்தாழ A என்று கொண்டால், கூட்டு வீச்சு 2A cos(φ/2) என்பதன் எண்மதிப்பு. φ 269 பாகையானால் அது 1.40A. வீச்சின் வர்க்கமே செறிவு என்பதால், செறிவு தனி ஒலிபெருக்கியின் செறிவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, பெரும இடத்தில் கிடைக்கும் நான்கு மடங்கில் சரிபாதி. அதாவது பெருமத்தைவிட 3 டெசிபல் குறைவு. கட்ட வேறுபாடு கால் சுற்றாக இருக்கும் இடங்கள் எல்லாவற்றிலும் இதே நிலைதான். பெருமம், சிறுமம் என்ற இரண்டை மட்டும் கணக்கிட்டுப் பழகியவர்கள், ஒரு பொதுப் புள்ளி இவற்றுக்கு இடையே எங்கேயோதான் இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்தது, கோட்டின் மீது பெரும, சிறும இடங்கள் எங்கே விழும் என்பது. பாதை வேறுபாடு 0, 0.50, 1.00, 1.50 மீட்டர் என்று முழு அலைநீளங்களாக இருக்கும் இடங்களில் பெருமம். 0.25, 0.75, 1.25, 1.75 என்று அரை எஞ்சும் இடங்களில் சிறுமம். ஒரு குறிப்பிட்ட Δ கொண்ட புள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஓர் அதிபரவளையத்தை உருவாக்குகின்றன, ஒலிபெருக்கிகள் இரண்டும் அதன் குவியங்கள். அந்த அதிபரவளையம் நம் கோட்டை வெட்டும் இடத்தைத் தோராயம் இல்லாமலே எழுதிவிடலாம்:

x = (Δ/2) × √(1 + 4L² / (d² − Δ²))

இதில் d ஒலிபெருக்கிகளின் இடைவெளி, L கோட்டின் தூரம். முதல் சிறுமத்துக்கு x = 0.40 மீட்டர் என்று வருகிறது. முதல் பெருமம் 0.81 மீட்டரில், இரண்டாவது 1.80 மீட்டரில், மூன்றாவது 3.48 மீட்டரில். λL/d சூத்திரமோ ஒவ்வொரு பெருமத்துக்கும் இடையே ஒரே சீராக 0.75 மீட்டர் என்கிறது, அதாவது 0.75, 1.50, 2.25. முதல் பெருமத்தில் பிழை 6 சென்டிமீட்டர்தான், அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். இரண்டாவதில் அது 30 சென்டிமீட்டர். மூன்றாவதில் ஒரு மீட்டரையும் தாண்டிவிடுகிறது. உங்கள் அளவுகளும் மையத்திலிருந்து விலக விலக இடைவெளி பெருகுவதாகக் காட்டியிருந்தால், நீங்கள் அளந்தது சரி, பயன்படுத்திய சூத்திரம்தான் அந்த இடத்துக்கு உரியதன்று.

அந்தச் சூத்திரத்தில் இரண்டு தோராயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன என்பதைப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. முதல் தோராயம், இரண்டு ஒலிபெருக்கிகளிலிருந்தும் புள்ளிக்குச் செல்லும் கோடுகள் இணையானவை என்று கொண்டு, அவை மையக்கோட்டோடு ஆக்கும் கோணம் θ ஆனால், Δ = d sin θ என எழுதுவது. இரண்டாவது தோராயம், கோணம் சிறியது என்று கொண்டு sin θ-வுக்குப் பதில் x/L என எழுதுவது. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு, sin θ-வை அப்படியே விட்டு, x = L tan θ என்று கணக்கிட்டால் பெருமங்கள் 0.77, 1.73, 3.40 மீட்டரில் விழுகின்றன. உண்மையான இடங்களிலிருந்து விலகல் 4 முதல் 8 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஆக, நம் அமைப்பில் பெரும்பிழைக்குக் காரணம் இணைகோட்டுத் தோராயம் அன்று, சிறுகோணத் தோராயமே. மூன்றாவது பெருமத்தின் கோணம் 49 பாகைக்கு மேல், அதைச் சிறுகோணம் என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் அந்த வேர்க்குறிச் சூத்திரம் தானே காட்டுகிறது. Δ, d-ஐ நெருங்கும்போது பகுதியில் உள்ள d² − Δ² பூச்சியத்தை நெருங்குகிறது, x எல்லையின்றிப் பெருகுகிறது. முக்கோணத்தின் இரு பக்கங்களின் வேறுபாடு மூன்றாவது பக்கத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது என்பதே இதன் உட்பொருள். ஒலிபெருக்கிகள் 2.0 மீட்டர் இடைவெளியில் இருந்தால், எவ்வளவு தூரம் நடந்தாலும் பாதை வேறுபாடு 2.0 மீட்டரைத் தாண்டாது. கோட்டின் மீது அதைத் தொடவும் தொடாது. ஆகவே முழுக் கோட்டிலும் பெருமங்கள் ஏழே ஏழு: மையத்தில் ஒன்று, இருபுறமும் மும்மூன்று. சிறுமங்கள் எட்டு. அவற்றில் கடைசியானது மையத்திலிருந்து ஏறத்தாழ 5.5 மீட்டரில் இருக்கிறது. சீரான இடைவெளிச் சூத்திரம் இந்த எல்லையை அறியாது, அது முடிவே இல்லாமல் பெருமங்களை அடுக்கிக்கொண்டே போகும்.

இனி, ஒலி ஏன் முழுவதும் அடங்குவதில்லை என்பதற்கு வருவோம். இதற்கு ஒலிபெருக்கிகளுக்கு இணையான கோட்டைவிட, ஓர் ஒலிபெருக்கியின் முகத்துக்கு நேர் எதிரே, அதிலிருந்து செங்குத்தாக விலகிச் செல்லும் பாதை நல்ல பாடம் தருகிறது. வலது ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே y தூரத்தில் நின்றால், அதன் தூரம் y, இடது ஒலிபெருக்கியின் தூரம் √(y² + d²). பாதை வேறுபாடு Δ ஆக இருக்க வேண்டுமானால்

y = (d² − Δ²) / (2Δ)

Δ-வுக்கு 1.75, 1.25, 0.75, 0.25 என்று வரிசையாக இட்டால், சிறுமங்கள் வலது ஒலிபெருக்கியிலிருந்து 0.27, 0.98, 2.29, 7.88 மீட்டரில் வருகின்றன. முகத்தருகே அவை நெருக்கமாக இருக்கின்றன, போகப்போக விலகுகின்றன. 7.88 மீட்டருக்கு அப்பால் சிறுமமே கிடையாது, ஏனெனில் அங்கிருந்து பாதை வேறுபாடு கால் மீட்டரிலிருந்து மெல்லக் குறைந்து பூச்சியத்தை நோக்கிச் செல்கிறது, இரண்டு அலைகளும் ஒரே கட்டத்தை நெருங்கிக்கொண்டே போகின்றன. ‘ஓர் ஒலிபெருக்கியின் எதிரிலிருந்து நேராக விலகிச் செல்பவர் எத்தனை சிறுமங்களைக் கேட்பார்’ என்ற தேர்வுக் கேள்விக்கு விடை இதுதான்: Δ, d-யிலிருந்து பூச்சியத்துக்கு இறங்கும்போது அரை அலைநீளத்தின் ஒற்றைப்படை மடங்குகளை எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணிவிட்டால் போதும், இங்கே நான்கு.

இந்த நான்கு இடங்களிலும் கட்ட வேறுபாடு சரியாக எதிர்க்கட்டம்தான். ஆனால் அவை ஒலிக்கும் விதம் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டது. சிறிய ஒலி மூலத்திலிருந்து விலகும்போது அழுத்த வீச்சு தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஆகவே புள்ளியில் சேரும் வீச்சுகள் 1/r₁, 1/r₂ என்ற விகிதத்தில் இருக்கும். அவை எதிர்க்கட்டத்தில் சேர்ந்தால் எஞ்சுவது அவற்றின் வேறுபாடு, ஒரே கட்டத்தில் சேர்ந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியது அவற்றின் கூடுதல். கூடுதலுக்கும் வேறுபாட்டுக்கும் உள்ள விகிதம் எளிமையாகச் சுருங்கி

(r₁ + r₂) / (r₁ − r₂)

என்று வருகிறது. கடைசிச் சிறுமத்தில் தூரங்கள் 8.125 மீட்டரும் 7.875 மீட்டரும், விகிதம் 64, டெசிபலில் 36. அது ஆழமான சிறுமம், திறந்த வெளியில் ஒலி ஏறக்குறைய மறைந்துவிடும். முதல் சிறுமத்திலோ தூரங்கள் 2.02 மீட்டரும் 0.27 மீட்டரும், விகிதம் வெறும் 1.3, டெசிபலில் 2.3 மட்டுமே. இடது ஒலிபெருக்கியின் அலை வலதின் அலையைச் சிறிது குறைக்கிறது, அவ்வளவுதான். உண்மையில் இதைவிடவும் குறைவாகவே இருக்கும், ஏனெனில் இடது ஒலிபெருக்கி அந்த இடத்துக்குத் தன் பக்கவாட்டில் ஒலியை அனுப்ப வேண்டியிருக்கிறது, ஒலிபெருக்கிகள் பக்கவாட்டில் முன்புறத்தைவிடச் சற்று வலுவிழந்தே ஒலிக்கும். கட்ட வேறுபாடு, சிறுமம் எங்கே என்று சொல்கிறது. அது எவ்வளவு ஆழம் என்பதை வீச்சுகளின் விகிதமே தீர்மானிக்கிறது. பாடப்புத்தகங்களில் வீச்சுகள் சமம் என்று முதலிலேயே எடுத்துக்கொள்வதால் இந்த இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, அதை நான் ஒரு குறையாகவே பார்க்கிறேன்.

நம் இணைகோட்டில் 0.40 மீட்டரில் உள்ள முதல் சிறுமத்துக்கு இதே விகிதம் 25, டெசிபலில் 28. அது போதுமான ஆழம். ஆயினும் அங்கே நின்று வெறும் காதால் கேட்டால் அத்தனை அமைதி தெரியாது. நம் இரண்டு காதுகளும் ஒரே புள்ளியில் இல்லை என்பதே காரணம். தலையின் நடுப்பகுதி சிறுமத்தில் இருந்தால் ஒவ்வொரு காதும் அதிலிருந்து 9 சென்டிமீட்டர் அளவுக்கு விலகியிருக்கும். அந்தப் பகுதியில் ஒரு மீட்டர் நகர்ந்தால் பாதை வேறுபாடு 0.62 மீட்டர் வீதம் மாறுகிறது, ஆகவே 9 சென்டிமீட்டருக்கு 5.6 சென்டிமீட்டர், கட்டத்தில் 40 பாகை. எதிர்க்கட்டத்திலிருந்து 40 பாகை விலகினால், பெருமத்தைவிட 9 டெசிபல் குறைவாக மட்டுமே ஒலி இருக்கும், 28 டெசிபல் குறைவாக இருக்காது. ஒரு காதை மூடிக்கொண்டு மற்றொரு காதை மெல்ல நகர்த்துங்கள், அல்லது கைபேசியின் ஒலிவாங்கியை நகர்த்தி ஒலியளவு காட்டும் செயலியைப் பாருங்கள். சிறுமம் கூர்மையாக இருப்பது அப்போது புலப்படும்.

அறைக்குள் சோதனை செய்தால் சுவர், தரை, கூரை ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் அலைகளும் வந்து சேர்கின்றன. அவை வேறு பாதை நீளங்களோடு வருவதால் நேரடி அலைகள் ஒன்றையொன்று நீக்கிக்கொண்ட இடத்தை நிரப்பிவிடுகின்றன. எதிரொலியால் வரும் கூடல் குறைதலையும் இரண்டு ஒலிபெருக்கிகளால் வருவதையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒலிவாங்கியை ஒரு சிறுமத்தில் நிலையாக வைத்துவிட்டு, ஓர் ஒலிபெருக்கியின் இணைப்பை எடுத்துவிடுங்கள். ஒலி கூடினால் அந்தச் சிறுமம் இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு இடையிலான குறுக்கீட்டால் வந்தது. குறைந்தாலோ மாறாமல் இருந்தாலோ, அங்கே ஆதிக்கம் செலுத்துவது எதிரொலி. ஒன்றை நிறுத்தியதால் ஒலி கூடுவது முதலில் வியப்பாக இருக்கும், ஆனால் குறுக்கீட்டுக்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது.

இப்போது கட்டம் அதிர்வெண்ணைச் சார்ந்தது என்று மேலே சொன்னதன் விளைவைப் பார்ப்போம். x = 0.60 மீட்டரில் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டு, அதிர்வெண்ணை மட்டும் மாற்றுங்கள். பாதை வேறுபாடு 0.373 மீட்டராகவே இருக்கும். அது அரை அலைநீளமாக அமையும் அதிர்வெண் 343/(2 × 0.373), அதாவது ஏறத்தாழ 459 ஹெர்ட்ஸ். அதே புள்ளி அப்போது சிறுமம். அதன் இருமடங்கான 918 ஹெர்ட்ஸில் பாதை வேறுபாடு ஒரு முழு அலைநீளம், புள்ளி பெருமமாகிவிடுகிறது. மும்மடங்கான 1378 ஹெர்ட்ஸில் மீண்டும் சிறுமம். நாம் பயன்படுத்திய 686 ஹெர்ட்ஸ் முதல் சிறுமத்துக்கும் முதல் பெருமத்துக்கும் நடுவே விழுந்ததால்தான் அங்கே பாதிச் செறிவு கிடைத்தது. இசையையோ பேச்சையோ இரண்டு ஒலிபெருக்கிகளிலும் ஒரேபோல் ஒலிக்கவிட்டால் இந்தக் கூடல் குறைதல் ஏன் இவ்வளவு தெளிவாகக் கேட்பதில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். ஒரு புள்ளி சில அதிர்வெண்களுக்குப் பெருமம், வேறு சிலவற்றுக்குச் சிறுமம், ஆகவே மொத்த ஒலி அடங்குவதில்லை, அதன் தன்மைதான் மாறுகிறது. மையக்கோடு மட்டும் விதிவிலக்கு. அங்கே Δ பூச்சியம், எந்த அதிர்வெண்ணுக்கும் கட்ட வேறுபாடு பூச்சியமே.

வெப்பநிலையும் இதே வழியில்தான் நுழைகிறது. காற்று 30 பாகையாக இருந்தால் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டர் அளவு, 686 ஹெர்ட்ஸின் அலைநீளம் 0.509 மீட்டர். முதல் பெருமம் 0.81-லிருந்து 0.83 மீட்டருக்கு நகர்கிறது, அதைப் பெரும்பாலும் கவனிக்கவே மாட்டோம். மூன்றாவதோ 3.48-லிருந்து 3.62 மீட்டருக்குப் போய்விடுகிறது, அங்கே கோடு அதிபரவளையத்தைச் சாய்வாக வெட்டுவதால் சிறு மாற்றமும் பெரிதாகிறது. ஒலியின் வேகத்தை அளப்பதற்காக இந்தச் சோதனையைச் செய்பவர்கள் மையத்தருகே உள்ள பெருமத்தைவிட, வெளியே உள்ளதைத் தேர்ந்தால் நல்ல துல்லியம் கிடைக்கும், ஆனால் அங்கே சுருக்கச் சூத்திரத்தை எண்ணிப் பார்க்கவும் கூடாது.

இதுவரை சொன்னவை எல்லாம் ஒலிபெருக்கிகள் உண்மையிலேயே ஒரே கட்டத்தில் இயங்குகின்றன என்ற அடிப்படையில் நிற்கின்றன, அது எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. ஒரு பெட்டியின் பின்புறத்தில் சிவப்பு, கருப்பு முனைகளில் கம்பிகள் மாறி இணைக்கப்பட்டிருந்தால், அதன் கூம்பு மற்றதற்கு நேர் எதிராக அசையும். அப்போது பாதை வேறுபாடு எதுவும் மாறாது, கட்ட வேறுபாட்டோடு எல்லா இடங்களிலும் 180 பாகை கூடிவிடும். பெரும இடங்கள் சிறுமமாகும், சிறும இடங்கள் பெருமமாகும். ஒரு பெட்டி மற்றதைவிட 25 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தாலும் 686 ஹெர்ட்ஸுக்கு மையப்பகுதியில் ஏறத்தாழ இதே விளைவு தோன்றும். இரண்டையும் பிரிக்க அதிர்வெண்ணை மாற்றினால் போதும். கம்பி மாறியிருந்தால் மையக்கோடு எந்த அதிர்வெண்ணிலும் சிறுமமாகவே இருக்கும். பெட்டி தள்ளியிருந்தால், அதிர்வெண்ணை இருமடங்காக்கியதும் அது பெருமமாகிவிடும், ஏனெனில் 25 சென்டிமீட்டர் அப்போது ஒரு முழு அலைநீளம்.

இரண்டு ஒலிபெருக்கிகளையும் தனித்தனிச் சைகைக் கருவிகளால் இயக்கிவிட்டு, இரண்டிலும் 686 என்று காட்டுகிறதே என்று நம்பிவிடுவதும் நிகழ்கிறது. அவற்றின் அதிர்வெண்கள் ஒரு ஹெர்ட்ஸ் வேறுபட்டால்கூட, ஒவ்வொரு நொடியும் கட்ட வேறுபாடு ஒரு முழுச் சுற்று நகரும். நீங்கள் அசையாமல் நின்றாலும் பெருமமும் சிறுமமும் உங்களைக் கடந்து செல்லும், ஒலி நொடிக்கு ஒருமுறை கூடிக் குறையும். நின்ற இடத்திலேயே ஒலி ஏறி இறங்கினால் காரணம் இதுதான். ஒரே சைகைக் கருவியின் வெளியீட்டை இரண்டாகப் பிரித்து, பெருக்கியின் இரண்டு தடங்களுக்கும் கொடுத்துவிட்டால் கோலம் நிலைத்து நிற்கும். அதன் பிறகு மையக்கோட்டில் ஒலி மிகுதியாக இருக்கிறதா என்பதை முதலில் சரிபார்த்து, பிறகு 0.40 மீட்டரில் அது அடங்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக அமைந்தால் மற்ற இடங்களை வேர்க்குறிச் சூத்திரத்தை நம்பி அளக்கலாம்.